'மேல தேடிப் பாருங்க' என்று எழுதிய பிறகு

கேள்வி: எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாக் குழுவில் நான் பொருளாளர். வயது 27. குழுவின் வாட்ஸ்அப்பில் அறுபது பேருக்கு மேல் இருக்கிறார்கள். போன கிழமை ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர், நான் பெரியப்பா என்று கூப்பிடுகிறவர், "போன வருச மிச்சக் காசு என்னாச்சு?" என்று கேட்டார். வேலையில் இருந்த நான், "கணக்கு போன மாசமே போட்டாச்சு. மேல தேடிப் பாருங்க" என்று எழுதினேன். மரியாதைக் குறைவாக எதுவும் நினைக்கவில்லை. "சின்னப்புள்ள எல்லார் முன்னாடியும் என்னைக் கண்ணு தெரியாதவன்னு சொல்லிருச்சு" என்று அவர் வருத்தப்பட்டதாக மருமகள் சொன்னார். உடனே அவருக்குத் தனியாக, "நான் தப்பா ஒன்னும் சொல்லல பெரியப்பா, உங்க மனசு கஷ்டப்பட்டிருந்தா சாரி" என்று அனுப்பினேன். பார்த்துவிட்டார், பதில் இல்லை. கூட்டத்துக்கும் வரவில்லை. திருவிழாவுக்கு ஐந்து கிழமைதான் இருக்கிறது. இனி என்ன எழுதுவது?
— வாசகி, பொகவந்தலாவை

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் இரண்டாவதாக அனுப்பிய செய்தியிலிருந்து தொடங்குகிறேன். பெரியப்பா இன்னும் பேசாமல் இருப்பதற்கு முதல் செய்தியைவிட அதுதான் பெரிய காரணமாக இருக்கும்.

அந்தச் செய்தியை அவர் இடத்திலிருந்து படித்துப் பாருங்கள். "நான் தப்பா ஒன்னும் சொல்லல" என்பது முன்னால் நிற்கிறது. அப்படியானால் தப்பாக எடுத்துக்கொண்டவர் அவர்தான் என்று ஆகிறது. உங்கள் சாரியை ஏற்றுக்கொள்வதற்கு முன் அவர் அதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அடுத்தது "கஷ்டப்பட்டிருந்தா". அவர் கஷ்டப்பட்டார் என்பது மருமகள் மூலம் உங்களுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்த விஷயத்தைச் சந்தேகம்போல எழுதினால், அவர் வருத்தத்தை நீங்கள் நம்பவில்லை என்றுதான் படும். மூன்றாவது, செய்தி போய்ச் சேர்ந்த இடம். அறுபது பேர் பார்க்க நடந்ததற்குத் தனியாக ஒரு சாரி வந்தது. அவர் தலை குனிந்ததைப் பார்த்தவர்களுக்கு நீங்கள் வருந்தியது தெரியாது.

முதல் செய்தியில் உங்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்பதை நான் முழுதாக நம்புகிறேன். எழுத்தில் தொனி போய்ச் சேராது என்பதை 2005இல் ஜஸ்டின் குரூகர், நிக்கலஸ் எப்லி முதலானோர் அமெரிக்காவில் சோதித்துக் காட்டினார்கள். சில வாக்கியங்களை நிஜமாகவும் சிலவற்றைக் கேலியாகவும் மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னபோது, 78 சதவீதம் சரியாகப் புரிந்துகொள்ளப்படும் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். சரியாகப் புரிந்தது 56 சதவீதம்தான். எழுதும்போது நம் குரல் நமக்குள் கேட்டுக்கொண்டே இருப்பதால், அது அடுத்தவருக்கும் கேட்கும் என்று நினைத்துவிடுகிறோம்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றையும் யோசியுங்கள். அந்த வயதில் பலர் போனில் வருவதைத் தாங்களே படிப்பதில்லை, பேரப்பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேட்பார்கள். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்திருந்தால் பெரும்பாலும் அப்படித்தான். விளையாட்டை விட்டுவிட்டு வந்த பன்னிரண்டு வயதுப் பையன் "மேல தேடிப் பாருங்க" என்று சத்தமாகப் படித்தால் அது எப்படிக் கேட்கும்? உங்கள் குரல் அங்கே இல்லை, அவனுடைய அவசரம்தான் இருந்திருக்கும்.

யாருக்கு எழுதுகிறோம் என்பதும் முக்கியம். மரியாதைப் பேச்சைப் பற்றி ஆராய்ந்த பெனலொப்பி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் ஒன்று கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிராமத் தமிழ். இருவருக்கும் இடையிலுள்ள தூரம், யார் பெரியவர் என்பது, கேட்கும் காரியத்தின் கனம், இந்த மூன்றும் சேர்ந்துதான் ஒரு பேச்சின் பாரத்தை நிர்ணயிக்கின்றன என்பது அவர்கள் கணக்கு. அதே வரியை உங்கள் வயதுத் தோழிக்கு அனுப்பியிருந்தால் அவள் மேலே தேடிப் பார்த்திருப்பாள். இங்கே எழுதியது சின்னவர், கேட்டது பெரியவர், சொன்னது ஒரு வேலை, பார்த்துக்கொண்டிருந்தது தோட்டம். "பெரியப்பா" என்ற ஒரு சொல்கூட முன்னால் இல்லை.

அவர் யார் என்பதையும் மறக்கக்கூடாது. பெரட்டில் பேர் எழுதி, கொழுந்து நிறுத்து, கணக்கு ஒப்புவித்தே வாழ்ந்தவர். மிச்சம் எவ்வளவு என்று கேட்பது அவருக்குத் தொழில் பழக்கம். பொருளாளராக இருக்கும் உங்களுக்கோ, "காசு என்னாச்சு" என்றதும் சந்தேகப்படுகிறாரோ என்று சுருக்கென்றிருக்கலாம். அப்படி இருந்திருந்தால் அதை இப்போதே உங்களுக்குள் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். மன்னிப்பு எழுதும்போது அந்தக் கோபம் ஒரு சொல்லிலாவது கசிந்துவிடும்.

இனிச் செய்ய வேண்டியது. பழைய செய்தியைத் தொடாதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியதைத் திருத்த 15 நிமிடம்தான் அவகாசம். எல்லோருக்குமாக அழிக்கவும் இரண்டு நாளுக்குச் சற்று மேல்தான். இரண்டும் கடந்துவிட்டது நல்லதுதான். அழித்திருந்தால் அழித்த அடையாளம் அங்கேயே கிடக்கும், எதையோ மறைத்ததாகப் பேச்சு கிளம்பும்.

முதலில் நேரில் போங்கள். குழுவில் எழுதுவது அதற்குப் பிறகுதான். நேரில் போகாமல் குழுவில் போட்டால், ஊர் பார்க்க நல்ல பெயர் வாங்கப் போட்டது என்று அவர் வீட்டில் நினைக்க இடமுண்டு. வேலை முடிந்து, குளித்து, தேத்தண்ணி குடிக்கிற சாயங்கால நேரமாகப் பாருங்கள். குழுத் தலைவரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், போனால் அது பஞ்சாயத்தாகிவிடும். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் அம்மாவோடு போகலாம். ஆனால் பேசவேண்டியது நீங்கள்.

அங்கே சொல்வது இரண்டு மூன்று வாக்கியம் போதும். "பெரியப்பா, அன்னைக்கு நீங்க கேட்டதுக்கு நான் பதில் சொன்ன விதம் சரியில்ல. எல்லார் முன்னாடியும் அப்படி எழுதியிருக்கக்கூடாது. அப்புறம் தனியா அனுப்பினதும் சரியில்ல, அதுக்கும் சேர்த்துத்தான் வந்தேன்." இவ்வளவும் சொல்லிவிட்டு அவரைப் பேச விடுங்கள். மன்னிப்புக் கேட்பதற்கு ஏற்ற நேரம் எது என்று சிந்தியா ஃபிரான்ட்ஸும் கோர்ட்னி பென்னிக்சனும் 2005இல் ஆராய்ந்தபோது, நோகப்பட்டவர் தன் மனதில் இருப்பதைச் சொல்லி, அது புரிந்துகொள்ளப்பட்டது என்று உணர்ந்த பிறகு வந்த மன்னிப்பே அதிகத் திருப்தி தந்தது. அவசரமாக வந்ததற்கு அந்தப் பலன் இல்லை. ஆகவே இந்தச் சில நாள் தாமதத்தை நினைத்துக் கவலைப்படாதீர்கள்.

அவர் பேசும்போது இடையில் திருத்த வேண்டாம். "என்னைக் கண்ணு தெரியாதவன்னு சொன்னியே" என்றால், "அப்படி நான் சொல்லவே இல்லையே" என்று வாய்வரை வரும். அது உண்மைதான், ஆனாலும் வேண்டாம். "நான் எழுதினது அப்படித்தான் கேட்டிருக்கும் பெரியப்பா" என்று சொல்லலாம். அதுவும் உண்மைதான், அதில் அவர் தோற்கவேண்டியதில்லை. ஏன் அப்படி எழுதினாய் என்று அவரே கேட்டால், வேலையில் இருந்தேன், அவசரத்தில் எழுதிவிட்டேன் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி நிறுத்துங்கள். கிளம்பும் முன், "குழுவுலயும் எழுதணும்னு நினைக்கிறேன் பெரியப்பா" என்று சொல்லுங்கள். அவர் பெயரை மறுபடி ஊர் முன்னால் எடுப்பதற்கு முன் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

குழுவுக்கான செய்தி ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

"பெரியப்பா, வணக்கம். போன கிழமை நீங்க மிச்சக் காசைப் பத்திக் கேட்டப்ப 'மேல தேடிப் பாருங்க'ன்னு எழுதினேன். பொருளாளரா இருந்துக்கிட்டு அப்படிப் பதில் சொன்னது என் தப்பு. உங்க மனசு நோகும்படி எழுதிட்டேன், மன்னிக்கணும்.

நீங்க கேட்டதுக்குப் பதில்: போன வருச மிச்சம் 18,450 ரூபா. அப்படியே வங்கிக் கணக்குல இருக்கு. முழுக் கணக்கையும் பெரிய எழுத்துல பிரிண்ட் எடுத்து வெள்ளிக்கிழமை பூசைக்கு முன்னாடி கோயில்ல ஒட்டிடுறேன். பற்றுச்சீட்டெல்லாம் எங்கிட்ட இருக்கு, யார் வேணும்னாலும் வந்து பார்க்கலாம்."

தொகை நான் உதாரணத்துக்குப் போட்டது, உங்கள் கணக்கில் உள்ளதைப் போடுங்கள். தமிழ் எழுத்தில் அடியுங்கள், போன் திரையில் ஒரே பார்வையில் அடங்கட்டும். படித்துக் காட்டப்போகும் பையன் நடுவில் தடுமாறக்கூடாது. அனுப்பும் முன் நீங்களே ஒருமுறை வேண்டுமென்றே வேகமாக, உணர்ச்சியில்லாமல் சத்தமாகப் படித்துப் பாருங்கள். அப்படிப் படித்தும் கடுமையாகக் கேட்காவிட்டால் அனுப்பலாம். குரல் பதிவாக அனுப்ப வேண்டாம். அறுபது பேரில் பாதிப்பேர் அதைத் திறந்தே பார்க்கமாட்டார்கள், நேரில் உங்கள் குரலை அவர் ஏற்கனவே கேட்டிருப்பார்.

இந்தச் செய்தியில் ஏன் இவையிவை இருக்கின்றன என்று சொல்கிறேன், அப்போதுதான் உங்கள் சொற்களில் மாற்றி எழுதும்போது முக்கியமானது விழுந்துபோகாது. மன்னிப்பில் வரக்கூடிய பகுதிகளை ராய் லெவிக்கியும் அவருடன் சேர்ந்தவர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வில் ஆறாகப் பிரித்தார்கள்: வருத்தம் தெரிவிப்பது, காரணம் சொல்வது, தப்பு என்னுடையது என்று ஏற்பது, இனிச் செய்யமாட்டேன் என்பது, ஈடு செய்வது, மன்னிக்கச் சொல்லிக் கேட்பது. கேட்பவர்களிடம் அதிகம் எடுபட்டது பொறுப்பை ஏற்பது. அடுத்தது ஈடு செய்வது. கடைசியில் நின்றது மன்னிக்கச் சொல்லிக் கேட்பது.

அதனால்தான் "என் தப்பு" என்பது எந்த நிபந்தனையும் இல்லாமல் நிற்கிறது, நீங்கள் எழுதிய வரியும் அப்படியே மேற்கோளாக இருக்கிறது. எதற்காக வருந்துகிறீர்கள் என்பதை மழுப்பி, "ஏதாவது தப்பா பேசியிருந்தா" என்று எழுதினால், என்ன நடந்தது என்றே உங்களுக்குப் புரியவில்லை என்றாகும். "மன்னிக்கணும்" என்பது நம் பேச்சில் வருத்தத்தைச் சொல்லும் வழி, ஒருமுறை வரட்டும். "மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். அறுபது பேர் பார்த்துக்கொண்டிருக்க அவருக்கு ஒரு வேலை கொடுத்ததாகிவிடும், முதல் செய்தியில் நடந்ததும் அதுதான்.

ஈடு செய்வது இரண்டாவது பாதி. அவர் கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை என்பதைப் பலர் இங்கே தவறவிடுவார்கள். எவ்வளவு பணிவாக எழுதினாலும் அந்தத் தொகை இல்லாவிட்டால் மன்னிப்பு பாதியில் நிற்கும். கோயிலில் ஒட்டும் தாளில் எழுத்து நிஜமாகவே பெரிதாக இருக்கட்டும், ஒரு கை தூரத்தில் கண்ணாடியில்லாமல் படிக்கக்கூடிய அளவு. அதைச் செய்தியில் அவருக்காக என்று எழுத வேண்டாம். எல்லோருக்கும் பொதுவான வசதியாகப் போகட்டும், அவர் பார்வையைப் பற்றிய பேச்சு மறுபடி எழக்கூடாது. வாட்ஸ்அப்பிலும் கணக்கை ஒரே செய்தியாகப் போட்டு, குழுவின் மேலே 30 நாளுக்குப் பொருத்தி வையுங்கள், திருவிழா நெருங்கும் மட்டும் யாரும் தேடவேண்டி வராது.

"வேலையில இருந்தேன்" என்பதைக் குழுச் செய்தியில் விட்டுவிட்டேன். குழுவில் இருப்பவர்களில் மலையில் நிற்பவரும் தொழிற்சாலையில் நிற்பவரும் கொழும்பில் கடையில் நிற்பவரும் உண்டு. எல்லோருக்கும் வேலை இருக்கிறது, அந்தக் காரணம் அங்கே எடுபடாது. அதேபோல, "நான் முட்டாள், எனக்கு அறிவில்ல" என்று தன்னைத் தாழ்த்தியும் எழுதாதீர்கள். அப்போது உங்களைத் தேற்றும் பொறுப்பு அவர் தலையில் விழுகிறது. கைகூப்பும் படங்களை வரிசையாகப் போடுவதும் வேண்டாம்.

நேரில் பேசும்போது அவரே, "அதெல்லாம் வேணாம், விடு, குழுவுல கிளறாத" என்று உறுதியாகச் சொன்னால் அதை மதியுங்கள். அப்போது முதல் பத்தியை எடுத்துவிட்டு, "பெரியப்பா கேட்டிருந்தாங்க, சரியான கேள்வி. நான் அப்பவே பதில் சொல்லியிருக்கணும்" என்று தொடங்கிக் கணக்கை மட்டும் போடுங்கள். கேள்வி நியாயமானது என்று அறுபது பேருக்கும் அது சொல்லிவிடும்.

செய்தி போன பிறகு ஒரு ஆபத்து உண்டு, அது உங்கள் பக்கம் நிற்பவர்களிடமிருந்து வரும். "இதுக்கெல்லாம் எதுக்கு மன்னிப்பு", "பெரியவரு சும்மா கோவிச்சுக்கிட்டாரு" என்று யாராவது எழுதுவார்கள். நீங்கள் கட்டியதை அந்த ஒரு வரி இடித்துவிடும். தலைவரிடம் முன்கூட்டியே சொல்லி, இதைப் பற்றி யாரும் கருத்துப் போடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதையும் மீறி வந்தால், "இல்ல அண்ணே, நான் எழுதின விதம்தான் சரியில்ல" என்று ஒருமுறை எழுதி நிறுத்துங்கள், வாக்குவாதம் வேண்டாம்.

பெரியப்பா பதில் எழுதாமல் இருக்கலாம், அது அவர் உரிமை. பார்த்துவிட்டாரா என்று திறந்து திறந்து பார்ப்பதும் மருமகளிடம் விசாரிப்பதும் வேண்டாம், அந்த விசாரிப்பு அன்றே அவர் காதுக்குப் போய்விடும். கடுமையாக ஏதாவது எழுதினால், "சரிங்க பெரியப்பா" போதும். வருத்தம் குறைந்ததா என்பதை "பரவால்ல" என்ற பதிலை வைத்து முடிவு செய்யாதீர்கள், பெரியவர்கள் அதைப் பேச்சை முடிக்கவும் சொல்வார்கள். அவர் மறுபடி ஒரு கேள்வி கேட்டாரா என்று பாருங்கள். கோயிலில் ஒட்டிய தாளின் முன் நின்று, "பூ வாங்கின கணக்கு ரெண்டு இடத்துல வந்திருக்கே" என்று சொன்னால் நல்ல சகுனம். உண்மையிலேயே பிழையென்றால் அங்கேயே திருத்தி, அவர் சொல்லித் திருத்தியதாகக் குழுவில் ஒரு வரி போடுங்கள்.

இனி வேலை நேரத்தில் யாராவது கணக்குக் கேட்டால் அனுப்ப ஒரு வரியை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: "அண்ணே, வேலையில இருக்கேன், ராத்திரி எட்டு மணிக்குக் கணக்கைத் திரும்பப் போடுறேன்." முன்னால் முறைப்பெயர், பிறகு நேரம், அவ்வளவுதான். சொன்ன நேரத்துக்குப் போட்டுவிடவேண்டும்.

இரண்டு கிழமை போயும் அவர் வராவிட்டால் மூன்றாவது முறை மன்னிப்புக் கேட்காதீர்கள், அது தொந்தரவாகிவிடும். அதற்குப் பதிலாகக் குழுவின் சம்மதத்தோடு, இந்த வருடத் திருவிழாக் கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட அவரைக் கேட்கலாம். கேட்கும்போது பழைய பேச்சை எடுக்காதீர்கள். புத்தகத்தையும் பற்றுச்சீட்டுகளையும் தேதி வாரியாக அடுக்கி எடுத்துக்கொண்டு போங்கள். கணக்கப்பிள்ளையாக இருந்தவர் முன்னால் கலைந்த கட்டை வைக்கக்கூடாது. அவருக்கு முடியாது என்றால் குழு வேறொருவரைப் போடட்டும். திருவிழா அழைப்பை மட்டும் மற்ற வீடுகளுக்குக் கொடுப்பதுபோல அவர் வீட்டுக்கும் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.